பிரேக்கில் கால் வைக்காத ஜலஜா

ஜலஜாவுக்குக் கோபம் வந்தால் அது அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. கத்த மாட்டாள், பாத்திரத்தை நங்கென்று வைக்க மாட்டாள். காபி நேரத்துக்கு வரும், ரசத்தில் உப்பு சரியாக இருக்கும். ஆனால் கோபம் மட்டும் உள்ளே பத்திரமாக இருக்கும். கல்யாணமான புதிதில் நாத்தனார் ஒருத்தி அவள் கூறைப்புடவையைப் பார்த்து, "இது போன வருஷத்து டிசைனா?" என்று கேட்டாள். ஜலஜா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அந்த நாத்தனாரின் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தபோது அதே புடவையைக் கட்டிக்கொண்டு போய், முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லாப் புகைப்படத்திலும் விழுந்துவிட்டு வந்தாள். இப்படிப்பட்டவளை ஒருவன் வங்காளத்தில் பெரியம்மா என்கிற அர்த்தத்தில் "மாஷிமா" என்று கூப்பிட்டு, "உங்களுக்குக் கால் தடுமாறியிருக்கும்" என்று சொன்னான் என்றால், அவன் ஜாதகத்தில் என்னவோ கோளாறு என்றுதான் நினைக்க வேண்டும்.

ஜலஜாவின் தாத்தா கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக வந்து கல்கத்தாவில் தங்கியவர். அவள் பிறந்தது, படித்தது, பாங்க் உத்தியோகத்தில் சேர்ந்தது எல்லாம் இங்கேதான். இப்போது கிடர்பூர் கிளையில் சீனியர் மானேஜர். வீடு டாலிகஞ்சில். தினமும் அங்கேயிருந்து கிடர்பூருக்கு, துறைமுகத்து லாரிகளுக்கு நடுவே, தானே கார் ஓட்டிக்கொண்டு போவாள். சைக்கிள் ரிக்‌ஷா, கைவண்டி, நடுரோட்டில் நின்று டீ குடிக்கிறவன், எதுவும் அவளை அசைத்ததில்லை. பழைய காரை விற்றபோது, வாங்க வந்தவன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஓட்டின வண்டிதானா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியை அவள் மெடல் மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

புது கார் வந்தது போன துர்கா பூஜைக்கு முன்னால். ஆட்டோமேட்டிக். எதிரே ஏதாவது வந்தால் தானே பிரேக் போட்டுக்கொள்ளும் வசதியும் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன்பக்கக் கிரில்லின் நடுவே எங்கேயோ ஒரு ரேடார். இரண்டும் சேர்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். ஓட்டுகிறவர் அசந்துபோனால் முதலில் பீப் என்று கத்தும், அப்புறம் பிரேக்கை அழுத்தும். விற்ற பையன் இதையெல்லாம் சொன்னபோது அவள் கணவர் வெங்கடநாராயணன் கண் விரியக் கேட்டார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். யந்திரம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

யந்திரம் சொன்ன முதல் பொய் கிடர்பூர் போகிற வழியில், உயரமான லாரிகள் ஏறாமல் இருக்க மேம்பாலத்தின் வாயிலில் குறுக்கே போட்டிருக்கும் இரும்புக் கம்பத்துக்குக் கீழே நடந்தது. எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. பீப் என்று ஒரு அலறல், டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு படம், வண்டி குப்புற விழுகிற மாதிரி முன்னால் சாய்ந்து அப்படியே அமுங்கியது. அடுத்த விநாடி தானே விட்டுவிட்டது. பின்னால் வந்த டாக்ஸிக்காரன் ஜலஜாவைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனான்.

அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. அதே கம்பத்தடியில் மறுபடியும். ரயில் பாலத்தின் இரும்புத் தூலத்துக்கு அடியில் ஒரு தரம். ஒவ்வொரு நாளும் நடக்காது, அதுதான் கொடுமை. நான்கு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் கழுத்தை அறுக்கும். அந்த வசதியைத் திரையில் போய் அணைத்து வைக்கலாம்தான். ஆனால் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினால் அது தானே உயிர் பெற்றுவிடும். அப்படித்தான் கம்பெனி அமைத்திருக்கிறது. காலையில் ஞாபகமாக அணைப்பாள். பாங்க் அவசரத்தில் மறந்த நாளில் அது தன் வேலையைக் காட்டும்.

அப்படி மறந்த ஒரு நாளில்தான் வெங்கடநாராயணன் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்தார். கிடர்பூரில் கண் டாக்டரைப் பார்க்கவேண்டியிருந்தது. மடியில் போன், போனில் கிரிக்கெட். கம்பத்துக்கு அடியில் வண்டி தானே நின்றது, பின்னால் வந்த மினிபஸ் நிற்கவில்லை. பம்பர் உள்ளே போயிற்று. அவர் மூக்குக் கண்ணாடி டாஷ்போர்டில் போய் விழுந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அடி பட்டுதா?" என்பது இல்லை.

"ஏன் திடீர்னு பிரேக் போட்டே?"

"நான் போடலை."

"பின்ன யாரு, நானா போட்டேன்?"

வண்டி வாங்கின ஷோரூமின் சர்வீஸ் சென்டரில் தீபாயன் குஹ என்று ஒரு மானேஜர். இஸ்திரி கலையாத சட்டை, கையில் டாப்லெட், எப்போதும் அவசரமாக இருப்பவன்போல ஒரு நடை. வண்டியில் ஸ்கானரைச் செருகிப் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன், வண்டியின் சொந்தக்காரி பக்கமே திரும்பவில்லை. வெங்கடநாராயணனை அண்ணா என்று அழைத்து வங்காளத்தில் பேசினான்.

"தாதா, ஒரு ஃபால்ட் கோடும் இல்லை. வண்டி கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. மாஷிமாவுக்குக் கால் தடுமாறியிருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில இந்த வயசுக்காரங்களுக்கு சகஜம். ஆக்ஸிலரேட்டர்னு நினைச்சு பிரேக்கை மிதிச்சுடுவாங்க."

வெங்கடநாராயணன் தலையாட்டினார்.

அவன் சொன்னதைக்கூட ஜலஜா பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தத் தலையாட்டலை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. மேலும் கீழுமாக, நிதானமாக, சிக்னல் விழுந்ததை ஒப்புக்கொள்கிற ரயில்வேக்காரரின் தலையாட்டல். வீட்டுக்கு வந்ததும் அவர் கார் சாவியை எடுத்து ஸ்வாமி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "கொஞ்ச நாள் மெட்ரோல போ, பஸ்ல போ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். பெண் ஹம்சினி சால்ட் லேக்கிலிருந்து போன் போட்டு, "அம்மா, அப்பா சொல்றது டீக் ஆச்சே, சரிதான். நீ டாக்ஸி எடுத்துக்கோயேன், ரிஸ்க் எதுக்கு?" என்றாள். ஜலஜா இரண்டு பேருக்கும் சரி என்றாள். ராத்திரி சப்பாத்தி மெத்தென்று வந்திருந்தது.

மறுநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கிடர்பூர் போகும்போது அவள் தீர்மானம் பண்ணினாள். குஹவைச் சும்மா விடக்கூடாது. அவன் வாயாலேயே, "இந்த அம்மாள் பிரேக்கில் கால் வைக்கவில்லை" என்று, அதுவும் தலையாட்டின மனுஷருக்கு முன்னால், சொல்ல வைக்க வேண்டும். பம்பர் போகட்டும், பணம் போகட்டும். சாவி திரும்பி வரவேண்டும், வருகிறபோது தலைகுனிந்து வரவேண்டும்.

இதில் குஹவுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கிடர்பூருக்கு மாற்றலாகி வருமுன் ஜலஜா பல வருஷம் பாங்கின் வட்டார அலுவலகத்தில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் இருந்தவள். ஒரு புகார்க் கடிதம் எப்படி வருகிறது, எந்த மேஜையில் தூங்குகிறது, என்ன வார்த்தை இருந்தால் குப்பைக்குப் போகிறது, என்ன வார்த்தை இருந்தால் மேலதிகாரியின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பத்துப் பக்கத்துக்குப் புலம்புகிறவனுக்கு "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி போகும். அவனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஒரே பக்கத்தில், ஆமாம் இல்லை என்று பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி கேட்கிறவன்தான் ஆபத்தானவன்.

முதலில் எழுதிய கடிதத்தில் குஹவின் சட்டை, நடை, மாஷிமா எல்லாம் வந்தன. படித்துப் பார்க்கப் பரம திருப்தியாக இருந்தது. கிழித்துப் போட்டாள். அப்புறம் எழுதினதில் ஒரு கோபமான சொல்கூட இல்லை. கார் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு, பிரதி சர்வீஸ் சென்டருக்கு. எங்கே, எந்த வேகத்தில், எதற்கு அடியில் நடந்தது என்பதை முதலில் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"மேற்கண்ட ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் பிரேக் பெடல் மிதிக்கப்பட்டதா, அல்லது வண்டியின் தானியங்கி பிரேக் அமைப்பே பிரேக் பிடிக்க உத்தரவிட்டதா என்பது அந்த அமைப்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவாகியிருக்கும் என்று அறிகிறேன். ஃபால்ட் கோடு இல்லை என்பது இதற்குப் பதில் ஆகாது. தான் சரியாக வேலை செய்ததாக நம்பும் சாதனம் தன்மேல் குற்றம் எழுதிக்கொள்ளாது. ஆகவே தங்கள் பொறியாளர் நேரில் வந்து அந்தப் பதிவைப் படித்து, மென்பொருளைச் சோதித்து, முடிவை எனக்கு எழுத்தில் தரவேண்டும். அதுவரை வண்டியில் யாரும் மென்பொருளைப் புதுப்பிக்கவோ, பதிவுகளை அழிக்கவோ நான் சம்மதிக்கவில்லை."

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு ஜலஜா பேனாவை மூடினாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு உடனே வேலை வந்தது. கடிதம் போன வாரமே குஹ போன் பண்ணினான். குரலில் தேன் ஒழுகியது. "மேடம், வண்டியை அனுப்புங்க. புது வெர்ஷன் சாஃப்ட்வேர் வந்திருக்கு, போட்டுத் தரேன். அரை நாள்ல பிரச்னை முடிஞ்சுடும்." மாஷிமா மேடம் ஆகிவிட்டதை அவள் கவனித்தாள்.

"பழைய பதிவு அதோட அழிஞ்சு போயிடுமோன்னோ?" என்று அவள் வங்காளத்தில் கேட்டாள்.

"பழசு எதுக்கு மேடம்? பிரச்னை தீர்ந்தா போதாதா?"

"போதாது" என்று சொல்லி போனை வைத்தாள்.

வெங்கடநாராயணன் கேட்டுக்கொண்டிருந்தார். "அவன்தான் சரி பண்ணித் தரேங்கறானே, ஏன் முறைச்சுக்கறே?" என்றார்.

"ஏன்னா, சாவியை வச்சுண்டிருக்கறவா வண்டியைப் பத்திக் கவலைப்படட்டும். கடுதாசி என்னுது" என்றாள் ஜலஜா.

கம்பெனி கொஞ்சம் இழுத்தடித்துப் பார்த்தது. உங்கள் கருத்துக்கு நன்றி என்று வழக்கமான ஒரு வரி வந்தது. அதே கடிதத்தை, அதே கேள்வியை, மரியாதையாக மறுபடி அனுப்பினாள். இந்தத் தடவை வண்டிகளைத் திரும்ப அழைப்பதைக் கவனிக்கும் அரசுத் துறைக்கு ஒரு பிரதி என்று கீழே ஒரு வரி சேர்ந்திருந்தது. அந்த வரிக்கு மறுநாளே பதில் வந்தது. சென்னையிலிருந்து ஒரு பொறியாளர் ஞாயிற்றுக்கிழமை காலை சர்வீஸ் சென்டருக்கு வருகிறார்.

பூர்ணிமா என்று பெயர். முப்பது வயது இருக்கும். முதுகில் பை, பையில் லாப்டாப், கொஞ்சமும் சிரிக்காத முகம். ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் ஒயரைச் செருகிவிட்டு முழங்காலில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குஹ கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வெங்கடநாராயணன் சாவிக்குத் துணையாக வந்திருந்தார். ஜலஜா கொஞ்சம் தள்ளி நின்றாள். ஒருவேளை, ஒரே ஒருவேளை, கால் பட்டிருந்தால்? தன்னையே சந்தேகப்பட வைத்துவிட்டான் பாவி என்று குஹவைப் பார்த்தாள்.

பூர்ணிமா தலை நிமிர்ந்தாள். தமிழில்தான் சொன்னாள்.

"மேடம், நீங்க எழுதின எல்லா இடமும் இருக்கு. நீங்க எழுதாம விட்டதும் ஒண்ணு ரெண்டு இருக்கு. ஒண்ணுலகூட பெடல் மிதிச்சதா பதிவு இல்ல. பிரேக் கேட்டது பூரா சிஸ்டம்தான். முன்னாடி ஏதோ நிக்குதுன்னு ரேடார் சொல்லியிருக்கு. நீங்க பிரேக்குல காலே வைக்கல."

குஹவுக்குத் தமிழ் புரியாது. யார் முகத்தில் என்ன என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தச் சுகத்தை ஜலஜா கொஞ்சம் நீட்டினாள். பிறகு சொன்னாள்: "அம்மா பூர்ணிமா, அந்தக் கடைசி வரியை மட்டும் அவருக்குப் புரியற பாஷைல ஒரு தரம் சொல்லிடு. கொஞ்சம் உரக்கச் சொல்லு, என் ஆத்துக்காரருக்குக் காது மந்தம்."

வெங்கடநாராயணனுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது.

பூர்ணிமா ஆங்கிலத்தில் சொன்னாள். குஹவின் முகம் ஒரு கணம் கருத்தது, அடுத்த கணம் மலர்ந்தேவிட்டது. "பார்த்தீங்களா! அப்போ இது கம்பெனி சாஃப்ட்வேர் கோளாறு. எங்க சர்வீஸ் சென்டருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றான். நழுவுகிற மீனைப் பார்ப்பதுபோல ஜலஜா அவனைப் பார்த்தாள். இத்தனை பாடுபட்டு இவன் இப்படித் தப்பித்துக்கொள்வதா?

பூர்ணிமா எழுந்து வண்டியின் முன்பக்கம் போனாள். கிரில்லுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். கிரில்லின் நடுவில் வழவழவென்று கறுப்பாக ஒரு சதுரம். அதன்மேல் உள்ளங்கை அளவில் பித்தளைப் பிள்ளையார். வாரா வாரம் வெங்கடநாராயணன் துணியால் துடைத்துத் துடைத்து, தங்கமாக ஜொலித்துக்கொண்டிருந்தார்.

"இதை யாரு ஒட்டினாங்க?"

"விக்னம் வராம இருக்கட்டும்னு..." என்று வெங்கடநாராயணன் ஆரம்பித்தார்.

"சார், இந்தக் கறுப்பு பிளாஸ்டிக்குக்குப் பின்னாடிதான் ரேடார் இருக்கு. பிளாஸ்டிக் வழியா அலை போகும், வரும். உலோகத்தை ஒட்டினா அலை கோணிப் போயிடும். தலைக்கு மேல இருக்கற இரும்புக் கம்பம், நேரா எதிர்ல நிக்கற மாதிரி அதுக்குத் தெரியும். உடனே பிரேக் அடிக்கும். இது மேல எதையும் ஒட்டாதீங்கன்னு வண்டியோட குடுத்த புத்தகத்துலயே போட்டிருக்கு." அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "பிள்ளையார் காலடில ஏதோ எழுதியிருக்கே."

எழுதியிருந்தது அந்த ஷோரூமின் பெயர். அன்பளிப்பு என்று கூடவே.

ஜலஜாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. குஹ அவசரமாக, "அன்பளிப்பா தரது எல்லாருக்கும் வழக்கம் மேடம். எங்கே ஒட்டிக்கிறது என்பது வாடிக்கையாளர் இஷ்டம். நாங்க ஒட்டறதில்லை" என்றான்.

ஜலஜா கைப்பையைத் திறந்தாள். போனை எடுத்தாள். வண்டி டெலிவரி எடுத்த அன்று ஷோரூம்காரர்களே எடுத்து, தங்கள் இணையப் பக்கத்தில் பெருமையாகப் போட்டிருந்த புகைப்படம். வீட்டுக் கூடத்தில்கூடச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள், தினமும் அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போவாள். ரிப்பன் கட்டின கார். ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி ஜலஜா. முன்னால் குனிந்து, பிள்ளையாரைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டியபடி காமிராவைப் பார்த்துப் பல்லைக் காட்டும் தீபாயன் குஹ. அவன் பக்கத்தில், இங்கேதான், நட்ட நடுவில்தான் என்று விரலை நீட்டிக் காட்டும் வெங்கடநாராயணன்.

படத்தை முதலில் குஹவிடம் காட்டினாள். அப்புறம் கணவரிடம்.

"ஒரு தடவை ரோட்டுல ஓட்டிப் பார்த்து உறுதி பண்ணணும். பிள்ளையாரோட ஒரு தரம், இல்லாம ஒரு தரம்" என்றாள் பூர்ணிமா. "பின்னாடி எங்க வண்டி ஒண்ணு இடைவெளி விட்டு வரட்டும், வேற யாரும் வந்து மோதாம. நான் ஓட்டறேன்."

"நான் ஓட்டறேன்" என்றாள் ஜலஜா. "வண்டி என்னுது. அவர் முன்னாடி என் பக்கத்துல உட்காரணும். என் காலைப் பார்த்துண்டே வரணும்." அவர் என்று அவள் காட்டியது குஹவை. வர மறுத்தால் கம்பெனிக்காரி எழுதும் ரிப்போர்ட்டில் அதுவும் ஒரு வரியாகிவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். கணவரிடம் ஜலஜா கையை நீட்டினாள். அவர் சாவியை வைத்தார். பின் ஸீட்டில் பூர்ணிமாவுக்குப் பக்கத்தில் போய் ஒடுங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிடர்பூர் ரோடு காலியாகக் கிடந்தது. ஜலஜா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டினாள். இரும்புக் கம்பம் தூரத்தில் தெரிந்தது. "பாருங்கோ, நன்னாப் பாருங்கோ" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துத் தரையில் ஊன்றி வைத்தாள். முதல் தரம் ஒன்றும் ஆகவில்லை. குஹ இளித்தான். சுற்றிக்கொண்டு மறுபடி வந்தாள். ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை பீப் என்று அலறி வண்டி தலைகுப்புற அமுங்கியது. பெல்ட் மார்பை அறுக்க, டாப்லெட் கையிலிருந்து பறக்க, இஸ்திரி சட்டைக்காரன் "மா கோ!" என்று தன் அம்மாவைக் கூப்பிட்டான்.

ஜலஜாவின் கால் தரையில் இருந்தது. விரல்களைக்கூட ஆட்டிக் காட்டினாள்.

இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனால் உண்மை அதுதான்: அந்த "மா கோ" மாதிரி இனிமையான சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. சுருதி சுத்தமாக இருந்தது. "இன்னொரு தரம் போகலாமா?" என்று பூர்ணிமாவைக் கேட்டாள். போதும் மேடம் என்றாள் அவள், முதல் தடவையாகச் சிரித்தபடி.

ஓரமாக நிறுத்திப் பிள்ளையாரைப் பெயர்த்தார்கள். பசையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, அதே கம்பத்துக்கு அடியில், ரயில் தூலத்துக்கு அடியில், திரும்பத் திரும்பப் போய் வந்தார்கள். வண்டி பசுவாக நடந்தது. கம்பெனி ரிப்போர்ட் பின்னால் வந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கவில்லை. ரேடாரின்மேல் டீலர் பொருத்திய உலோகப் பொருளே காரணம். இப்படி மறைப்பு ஏற்பட்டால் எச்சரித்துவிட்டுத் தானே ஒதுங்கியிருக்க வேண்டிய மென்பொருள் அதைக் கண்டுபிடிக்கத் தவறிவிட்டது, அதற்குத் திருத்திய பதிப்பு தரப்படும். ரேடாரின் கோணத்தைச் சரிபார்த்து, புதுப் பதிப்பையும் போட்டுக் கொடுத்தார்கள். பம்பருக்கு ஷோரூம் பொறுப்பு. அந்த ஷோரூமில் வண்டி வாங்கின ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, பிள்ளையாரைப் பெயர்த்துத் தருவது குஹவின் பொறுப்பு. வாடிக்கையாளர்களிடம் அவன் பிள்ளையாரைக் கழற்ற வந்திருக்கிறேன் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட கதையெல்லாம் ஜலஜாவின் காதுக்கு வந்தது. சந்தோஷப்பட்டாள்.

கடைசியாகக் கம்பெனியிலிருந்து ஒரு வரி வந்தது. புகார் தங்கள் திருப்திக்கு ஏற்பத் தீர்ந்துவிட்டதாக முடித்துக்கொள்ளலாமா?

இல்லை என்று பதில் போட்டாள் ஜலஜா.

திறந்தே கிடக்கும் ஒரு புகார் சர்வீஸ் மானேஜருடைய மாதாந்தர மார்க்கை என்ன பண்ணும் என்பது அவளுக்குத் தெரியும். குஹ போன் பண்ணினான், எடுக்கவில்லை. சந்தேஷ் ஸ்வீட் டப்பாவோடு டாலிகஞ்சுக்கே வந்தான். டப்பாவை வாங்கவில்லை. வெங்கடநாராயணனை அழைத்து எதிரே உட்கார வைத்துவிட்டு, "அன்னிக்கு இவர்கிட்டேதானே சொன்னீர், இன்னிக்கும் இவர்கிட்டேயே சொல்லும். சொன்னா புகாரை முடிச்சுடறேன்" என்றாள். குஹ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தாதா, மேடம் பிரேக்கை மிதிக்கலை. நான் பார்க்காம சொல்லிட்டேன். தப்பு என்னுது." அவன் தெருமுனை தாண்டுவதற்குள் ஜலஜா புகாரை முடித்து வைத்தாள். சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை.

வெங்கடநாராயணனுக்கு மூச்சு வந்தது. மறுநாள் காலை சாவியை ஸ்வாமி அலமாரியிலிருந்து எடுத்து, குங்குமம் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். காளிகாட்டில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. "போற வழிதானே, என்னையும் இறக்கி விட்டுடேன்" என்று சொல்லிக்கொண்டே அவளுக்கு முன்னால் நடந்து போய்ப் பக்கத்து ஸீட்டுக் கதவைப் பிடித்து இழுத்தார். திறக்கவில்லை.

"கதவு மாட்டிண்டிருக்கு போலிருக்கே, ஜலஜா."

"மாட்டலை. நான்தான் பூட்டி வச்சிருக்கேன்" என்றபடி அவள் மறுபக்கம் ஏறி ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அவர் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். "அந்தக் குஹவையே மன்னிச்சாச்சு. என் மேல இன்னுமா?"

ஜலஜா கண்ணாடியை இறக்கினாள். கத்தவில்லை. காபி கொடுக்கிற குரலிலேயே சொன்னாள்.

"அவனுக்கு என்னைத் தெரியாது. அதுவரைக்கும் பார்த்தது ஒண்ணு ரெண்டு தரம்தான். நான் ஓட்டற வண்டில நீங்க கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உட்கார்ந்துண்டு வரேள்."

இப்போது மட்டும் அவர் தலையாட்டவில்லை.

பின் கதவு க்ளிக் என்று திறந்துகொண்டது. "பின்னாடி உட்காருங்கோ" என்றாள்.

அவர் ஏறிக்கொண்டார். பையிலிருந்து எதையோ எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தாள். பெயர்த்தெடுத்த பித்தளைப் பிள்ளையார். பக்கத்து ஸீட்டில் ஜலஜாவின் கைப்பை உட்கார்ந்திருந்தது. அதற்கு பெல்ட் போட்டுவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள். அந்த முன் ஸீட் எப்போது காலியாகும் என்று அவர் இன்றைக்கும் கேட்டபாடில்லை.